சேலத்தில் முழு உடல் பரிசோதனை: கொழுப்புச் சோதனைகளில் எதற்குப் பணம் கட்டலாம், எதை விட்டுவிடலாம்

என் அண்ணனுக்கு 47 வயதில் மாரடைப்பு வந்தது. புகையோ மதுவோ தொடாதவர். சர்க்கரை இல்லை. காலையில் எழுந்து அஸ்தம்பட்டிப் பக்கம் நடந்துவிட்டு வருகிறவர். ஆஞ்சியோ முடிந்து சில வாரங்கள் கழித்து அவரை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவருடைய அறிக்கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் கூடப் பிறந்தவர்தானே? உங்களுக்கு லிப்போபுரோட்டீன் ஏ எவ்வளவு?" என்று கேட்டார்.

போன மாதம்தான் 3,800 ரூபாய் கட்டி முழு உடல் பரிசோதனை செய்திருந்தேன். கொழுப்புக்கு மட்டும் பத்துச் சோதனைகள் என்று தொகுப்பில் போட்டிருந்தார்கள். கைப்பேசியில் அறிக்கையைத் திறந்து நம்பிக்கையோடு நீட்டினேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இதில் அது இல்லை. இதில் இருப்பவை மூன்றே சோதனைகள், மற்றதெல்லாம் கணக்கு" என்றார்.

அதன் பிறகு இன்னொரு முறை ரத்தம் கொடுத்தேன், இன்னும் 1,100 ரூபாய் கட்டினேன், அரை நாள் விடுப்பு எடுத்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதல் முறையாகப் பரிசோதனைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். மருந்து பற்றிய முடிவு எதையும் இதை வைத்து எடுக்காதீர்கள். எந்தச் சோதனையைக் கேட்பது என்பது வரைதான் இந்தக் கட்டுரை.

1. போன் செய்வதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்

பெரும்பாலோர் முதலில் விலையைக் கேட்கிறோம். "வெள்ளி", "தங்கம்" என்று பெயர் வைத்த தொகுப்புகளில் ஒன்றைக் கவுன்ட்டரில் இருப்பவர் சொல்ல, நாமும் சரி என்கிறோம். அதற்கு முன் உங்கள் நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, குடும்பம். அப்பா, அண்ணன், தம்பி ஆகியோரில் யாருக்காவது 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கை ஆகியோரில் யாருக்காவது 65 வயதுக்கு முன்போ மாரடைப்போ பக்கவாதமோ வந்ததா என்று எழுதுங்கள். "தூக்கத்திலேயே போய்விட்டார்", "வாய்வு என்று நினைத்தோம், வழியிலேயே உயிர் போய்விட்டது" என்று பெரியவர்கள் சொல்லும் சாவுகளையும் வயதோடு குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா 51 வயதில் அப்படித்தான் போனார். அதை மாரடைப்பு என்று எங்களில் யாரும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாவது, உங்களுக்கு ஏற்கெனவே இருப்பவை. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, கொழுப்புக்கான மாத்திரை ஆகியவற்றில் எது உண்டோ அது. மூன்றாவது, பழைய அறிக்கை ஏதாவது இருந்தால் அதன் தேதியும் எண்களும். உங்களுக்கு எந்தக் கூடுதல் சோதனை தேவை என்பதை இந்தத் தாள்தான் சொல்லும், தொகுப்பின் பெயர் சொல்லாது.

2. தொகுப்பின் பட்டியலை வாங்கி, கணக்கு வரிகளை அடியுங்கள்

என் அறிக்கையில் இருந்த பத்து வரிகள் இவை: மொத்தக் கொலஸ்ட்ரால், "நல்ல கொழுப்பு" எனப்படும் எச்டிஎல், ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு, எல்டிஎல், விஎல்டிஎல், எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால், பிறகு நான்கு விகிதங்கள்.

இவற்றில் ஆய்வகம் என் ரத்தத்தில் உண்மையில் அளந்தவை முதல் மூன்று மட்டுமே. மற்ற ஏழையும் பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்தவர் யாரும் போட்டுவிடலாம். என் எண்களையே எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவில் இருப்பவை.

மொத்தம் 212, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 240. டிரைகிளிசரைடை 5ஆல் வகுத்தால் 48 வருகிறது. அதுதான் அறிக்கையில் விஎல்டிஎல். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் இந்த 48ஐயும் கழித்தால் 126. அதுதான் எல்டிஎல், நாம் "கெட்ட கொழுப்பு" என்று சொல்வது.

```
LDL = 212 − 38 − (240 ÷ 5) = 126
Non-HDL = 212 − 38 = 174
```

இரண்டாவது வரியில் இருக்கும் 174தான் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். ரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லா வகைக் கொழுப்பையும் இது ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறது. கூடுதல் கட்டணம் கிடையாது. உங்கள் அறிக்கையில் இந்த வரி இல்லையென்றால் பேனாவை எடுத்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். டிரைகிளிசரைடு அதிகமாக இருப்பவர்களுக்கு எல்டிஎல்லைவிட இந்த எண் நம்பகமானது. நான்கு விகிதங்களையும் நான் இப்போது பார்ப்பதே இல்லை. சிகிச்சையை எந்த அளவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை எல்டிஎல், எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் ஆகிய இரண்டை வைத்தே டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே, "எங்களிடம் கொழுப்புக்குப் பத்துச் சோதனை, அடுத்த கடையில் ஐந்துதான்" என்று சொல்லப்பட்டால் அதற்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள். ஐந்து வரி உள்ள அறிக்கையிலும் அதே மூன்று அளவுகள்தான் இருக்கின்றன.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் எல்டிஎல் கணக்கு பிசகிவிடும். அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே தனிக் கட்டணம் கட்டி நேரடி எல்டிஎல் செய்ய வேண்டியதில்லை. சில ஆய்வகங்கள் வழக்கமாகவே நேரடியாகத்தான் அளக்கின்றன. அப்படியானால் அறிக்கையில் சோதனை முறை என்ற இடத்தில் அது எழுதியிருக்கும்.

3. ஒரே ஒரு கூடுதல் சோதனை என்றால், அது லிப்போபுரோட்டீன் ஏ

விலைப்பட்டியலில் இது Lp(a) என்றோ Lipoprotein (a) என்றோ இருக்கும். எல்டிஎல் துகளின் மேல் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இது. ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவதையும் ரத்தம் உறைவதையும் தூண்டக்கூடியது. உலக அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது கூடுதலாக இருக்கிறது. தெற்காசியர்களிடம் இன்னும் சற்று அதிகம்.

இது முழுக்கப் பரம்பரையால் தீர்மானிக்கப்படுவது என்றே சொல்லலாம். சாப்பாட்டை மாற்றினாலும், ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறினாலும் இது இறங்காது. அதனால்தான் சாதாரணக் கொழுப்புச் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறவரிடம்கூட இது ஒளிந்திருக்க முடிகிறது. என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்த அன்று எல்டிஎல் 118தான். லிப்போபுரோட்டீன் ஏ 96 மில்லிகிராம். 50ஐத் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வாழ்நாளில் ஒரு முறை இதை எல்லாரும் பார்த்துக்கொள்வது நல்லது என்று இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு முறை போதும் என்பதுதான் இதன் வசதி. பெரியவர்களிடம் இந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டுத் தொகுப்பிலும் இதைச் சேர்த்து விற்றால் மறுத்துவிடலாம்.

"குறைக்க முடியாததைத் தெரிந்து என்ன பயன்?" என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அதையே நான் டாக்டரிடம் கேட்டேன். இது கூடுதல் என்று தெரிந்தால், குறைக்கக்கூடிய மற்றவற்றை, அதாவது எல்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை ஆகியவற்றை இன்னும் கண்டிப்பாகக் குறைப்போம் என்றார். எனக்கு 78 வந்தது. இது தெரியாமல் இருந்திருந்தால், 126 எல்டிஎல்லோடு "நடைப்பயிற்சி செய்யுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று என்னை அனுப்பியிருப்பார்கள். அண்ணனின் மாரடைப்பையும் இந்த 78ஐயும் சேர்த்துப் பார்த்த பிறகு அன்றே மாத்திரை எழுதினார். இந்தச் சோதனை தன் விலைக்குச் செய்த வேலை அது. இரண்டாவது பயன், பெற்றோரில் ஒருவருக்கு இது கூடுதலாக இருந்தால் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு. யாரைச் சோதிக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடுகிறது.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

பெயர்க் குழப்பம்தான் முதல் பொறி. முதல் இடத்தில் நான் கேட்டபோது கவுன்ட்டரில் "இருக்கிறது சார், தொகுப்பிலேயே வருகிறது" என்றார்கள். திரையில் வந்தது Apo A1. அது எச்டிஎல்லோடு தொடர்புடைய வேறு புரதம். பில் போடும் முன் திரையில் Lp(a) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

அடுத்தது அலகு. சில ஆய்வகங்கள் mg/dL என்ற அலகில் தருகின்றன, சில nmol/L என்ற அலகில் தருகின்றன. முன்னதில் 50, பின்னதில் 125 ஆகியவைதான் கவனிக்க வேண்டிய எல்லைகள். ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரே பெருக்கல் எண் கிடையாது, ஏனென்றால் இந்தத் துகளின் எடை ஆளுக்கு ஆள் மாறும். அண்ணனுக்கு ஓர் அலகிலும் தம்பிக்கு இன்னோர் அலகிலும் வாங்கி வைத்து ஒப்பிட முயலாதீர்கள்.

மூன்றாவது, நேரம். காய்ச்சல், அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகிய காலங்களில் அளந்தால் எண் உண்மையைச் சொல்லாது. தைராய்டும் சிறுநீரகமும் கோளாறாக இருந்தாலும் இது மாறும்.

4. அப்போ பி எல்லாருக்கும் வேண்டாம், சிலருக்கு மிகவும் வேண்டும்

லீ பஜாருக்குள் ஒரு நாளில் எத்தனை மூட்டை சரக்கு வந்தது என்று கணக்கெடுப்பது ஒரு முறை. எத்தனை லாரி வந்தது என்று எண்ணுவது இன்னொரு முறை. தெரு நெரிசலைச் சொல்வது லாரி எண்ணிக்கைதான். எல்டிஎல் எண் என்பது மூட்டைக் கணக்கு, அதாவது துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் அளவு. அப்போ பி என்ற புரதத்தின் அளவு லாரிக் கணக்கு. ரத்தக் குழாயில் படியக்கூடிய ஒவ்வொரு துகளிலும் ஓர் அப்போ பி இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே அதை அளந்தால் துகள்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

பெரும்பாலோருக்கு இரண்டு கணக்கும் ஒன்றாகவே போகும். அவர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. சர்க்கரை, தொப்பை, டிரைகிளிசரைடு அதிகம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் லாரிகள் சிறியவையாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். மூட்டைக் கணக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

என் மைத்துனர் அப்படிப்பட்டவர். கொண்டலாம்பட்டியில் இருக்கிறார், 52 வயது, பத்து ஆண்டாகச் சர்க்கரை. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அறிக்கையில் மொத்தம் 152, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 230, எல்டிஎல் 68. அவரைப் போன்ற ஆபத்து கூடியவர்களுக்கு எல்டிஎல் 70க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. "68 வந்துவிட்டது, தப்பித்தேன்" என்று மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் 152இலிருந்து 38ஐக் கழித்துக் காட்டினேன். 114. இதற்கு அவருடைய இலக்கு 100க்குக் கீழ். இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. டாக்டர் அப்போ பி எழுதினார். 94 வந்தது. அவருக்கு அது 80க்குள் இருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தவில்லை, அளவைக் கூட்டினார்.

இதில் என் கருத்து இது: முதலில் காசில்லாமல் கிடைக்கும் கழித்தல் கணக்கைப் போடுங்கள். எல்டிஎல் இலக்குக்குள் இருந்து, எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் இலக்கைத் தாண்டியிருந்தால், அப்போ பிக்குக் கட்டும் 700 ரூபாய் வீணாகாது. என்னைப் போல் இரண்டுமே தெளிவாகக் கூடுதலாக இருந்தால் அப்போ பி செய்வதால் எந்த முடிவும் மாறப்போவதில்லை. நான் செய்யவில்லை.

5. மறுத்துவிடக்கூடியவை

"இதய நலச் சிறப்புத் தொகுப்பு" என்று வருபவற்றில் ஹோமோசிஸ்டீன் கட்டாயம் இருக்கும். இது கொழுப்பே இல்லை. பி12 குறைந்தால் இது கூடும். ஆனால் வைட்டமின் மாத்திரையால் இதைக் குறைத்தாலும் மாரடைப்புகள் குறைந்ததாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. நீங்கள் சுத்த சைவமாக இருந்து கை கால் மரத்துப்போனால், பி12ஐயே நேராகப் பாருங்கள்.

அப்போ ஏ1, அப்போ பி/ஏ1 விகிதம், அடர்த்தியான சிறு எல்டிஎல், துகள் அளவுச் சோதனை ஆகியவை முதல் பரிசோதனைக்கு வேண்டாம். எச்எஸ்சிஆர்பி என்ற அழற்சிச் சோதனையை, மாத்திரை தொடங்கலாமா என்று டாக்டரே தயங்கும் இடத்தில் அவர் கேட்டால் செய்யுங்கள். சளி, பல்வலி, மூட்டுவலி எது இருந்தாலும் அந்த எண் ஏறிவிடும். என் தொகுப்பில் இது இருந்தது. அந்த வாரம் எனக்கு ஈறு வீங்கியிருந்தது. வந்த எண்ணால் இரண்டு நாள் தூக்கம் போனதுதான் மிச்சம்.

6. கொழுப்பு அல்லாதவை, ஆனால் கூடவே வேண்டியவை

மிச்சப்படுத்திய பணத்தை இங்கே போடுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் ஏறும். தைராய்டைச் சரிசெய்தாலே அது இறங்கவும் கூடும். ஆகவே டிஎஸ்எச் சோதனை அவசியம். டிரைகிளிசரைடு அதிகமாக இருப்பவர்களில் பலருக்குச் சர்க்கரை தொடங்கியிருக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அதைச் சொல்லிவிடும். சிறுநீரில் புரதம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈரலுக்கான எஸ்ஜிபிடி ஆகிய மூன்றும் காரணத்தைக் கண்டுபிடிக்கவும், மாத்திரை தொடங்கும் முன் அடிப்படை எண்ணாகவும் உதவும்.

7. செலவு, ஆய்வகம், கேட்க வேண்டிய கேள்விகள்

நான் ஐந்து ரோடு, சாரதா கல்லூரி சாலைப் பக்கம் நான்கு இடங்களில் விசாரித்தேன். தனித்தனியாகக் கேட்டபோது கிடைத்த நடுத்தர விலைகள் இவை: அடிப்படைக் கொழுப்புச் சோதனை 450, லிப்போபுரோட்டீன் ஏ 1,100, எச்பிஏ1சி 400, டிஎஸ்எச் 250, கிரியாட்டினின் 150, எஸ்ஜிபிடி 150, வெறும் வயிற்றுச் சர்க்கரை 50, சிறுநீர் 100. மொத்தம் 2,650 ரூபாய். நான் முதலில் கட்டிய தொகுப்பு 3,800, பிறகு தனியாக 1,100, ஆக 4,900. விலைகள் இடத்துக்கு இடம் மாறும், சலுகை நாட்களில் இன்னும் இறங்கும். சில சமயம் சிறிய தொகுப்பு ஒன்றை வாங்கி அதன்மேல் லிப்போபுரோட்டீன் ஏ மட்டும் சேர்ப்பது தனித்தனியாகக் கட்டுவதைவிட மலிவாக வரும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கையில் பணம் இல்லையென்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கி, டாக்டரிடம் முதல் படியில் எழுதிய தாளைக் காட்டுங்கள். அடிப்படைக் கொழுப்புச் சோதனையை அங்கே எழுதிக் கொடுப்பார்கள். அப்படியானால் வெளியில் லிப்போபுரோட்டீன் ஏ ஒன்றுக்கு மட்டும் செலவு செய்தால் போதும்.

கவுன்ட்டரில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று, லிப்போபுரோட்டீன் ஏ சோதனையை இங்கேயே செய்கிறீர்களா, வெளியூருக்கு அனுப்புகிறீர்களா, அறிக்கை எத்தனை நாளில் வரும்? வெளியூருக்கு அனுப்புவதில் தவறில்லை, இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் டாக்டரைப் பார்க்கும் தேதியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, எந்த அலகில் தருவீர்கள்? மூன்று, ஆய்வகத் தரத்துக்கான என்ஏபிஎல் அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் உண்டா? அந்த அங்கீகாரம் சோதனைவாரியாகத் தரப்படுவது. வாசலில் பலகை இருப்பதால் உள்ளே செய்யும் எல்லாச் சோதனைக்கும் உண்டு என்று ஆகாது.

ஆவணம் என்று பார்த்தால் ஓர் அடையாள அட்டை, பழைய அறிக்கை, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவை போதும். பெயரும் வயதும் அட்டையில் உள்ளபடியே பில்லில் ஏறியிருக்கின்றனவா என்று நின்று பாருங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் நோய்த் தடுப்புப் பரிசோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக்கான மொத்த வரம்புக்குள், கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் ஏற்பார்கள்.

8. முந்தைய நாளும் அன்றைய காலையும்

வெறும் வயிறு கட்டாயமா என்பதில்தான் அதிகக் குழப்பம். கொழுப்புச் சோதனைக்கு மட்டும் என்றால் முதல் முறை வெறும் வயிறு தேவையில்லை. மொத்தம், எச்டிஎல், லிப்போபுரோட்டீன் ஏ, அப்போ பி ஆகியவை சாப்பாட்டால் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது டிரைகிளிசரைடு. சாப்பிட்டபின் எடுத்த சோதனையில் அது 400ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் தொகுப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இருப்பதால், 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் போவதே வசதி. இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். தண்ணீர் குடிக்கலாம். காபி, டீ வேண்டாம்.

முந்தைய இரவு மது கூடாது, விருந்து கூடாது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குக் கிடா வெட்டிச் சாப்பிட்ட மறுநாள் போனால் டிரைகிளிசரைடு உங்கள் வழக்கமான நிலையைச் சொல்லாது. அதேபோல், சோதனைக்காகவே ஒரு வாரம் பட்டினி கிடந்துவிட்டுப் போவதும் வேண்டாம். இரண்டு மூன்று வாரமாக வழக்கம்போல் சாப்பிட்ட உடம்பைத்தான் அளக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். கொழுப்பு மாத்திரையைச் சோதனைக்காக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அன்று எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாகலூரில் இருக்கும் என் அத்தையை வெறும் வயிற்றோடு காலைப் பஸ்ஸில் இறக்கி அழைத்து வந்தேன். பாதி வளைவிலேயே வாந்தி, அஸ்தம்பட்டி வந்து சேர்ந்தபோது நிற்க முடியவில்லை. வயதானவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். எச்பிஏ1சிக்கும் கொழுப்புக்கும் வெறும் வயிறு தேவையில்லை என்பதால், சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்து மதியம் கொடுக்கலாம். மலைக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போவதாகச் சொன்னால், எத்தனை மணி நேரத்தில் ஆய்வகம் போய்ச் சேரும் என்று கேளுங்கள். ரத்த அணுக்களைப் பிரிக்காமல் நேரம் கடத்தினால் கொழுப்பு எண்கள் ஓரளவு தாங்கும், ஆனால் சர்க்கரை எண் குறைந்துகொண்டே போகும், பொட்டாசியம் தவறாக ஏறும்.

9. அறிக்கை வந்த பிறகு

சிவப்பு எழுத்தோ நட்சத்திரக் குறியோ இல்லையென்றால் எல்லாம் சரி என்று மூடி வைத்துவிடாதீர்கள். அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லைகள் பொதுவானவை. மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு எல்டிஎல் 100க்குக் கீழ் போதும். சர்க்கரை போன்றவற்றால் ஆபத்து கூடியவருக்கு 70, மாரடைப்பு வந்தவருக்கு 55 என்று இலக்கு இறங்குகிறது. எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலுக்கு முறையே 130, 100, 85. என் அண்ணனின் புதிய அறிக்கையில் எல்டிஎல் 92 என்று கறுப்பு எழுத்தில், எந்தக் குறியும் இல்லாமல் வந்தது. அவருடைய இலக்கைப் பார்த்தால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல்.

எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் வந்தால் அது சாப்பாட்டுக் கோளாறாக மட்டும் இருக்காது, பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அந்த வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டியிருக்கும். டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் தொடங்குகிறது. அதையும் ஒத்திப்போட வேண்டாம்.

ஒரு முறை வந்த எண்ணைவிடச் சற்று மாறி அடுத்த முறை வந்தால் பதற வேண்டியதில்லை. எந்த மாற்றமும் செய்யாமலே எல்டிஎல் பத்துச் சதவீதத்துக்கு அருகில் ஏறி இறங்கும், டிரைகிளிசரைடு அதைவிட அதிகமாக ஆடும். ஒப்பிட வேண்டுமானால் அதே ஆய்வகத்தில் எடுங்கள். மாத்திரை தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ 4 முதல் 12 வாரத்துக்குள் அடிப்படைச் சோதனையை மட்டும் மறுபடி செய்தால் போதும், முழுத் தொகுப்பும் தேவையில்லை.

லிப்போபுரோட்டீன் ஏ அறிக்கையை மட்டும் நான் தனியாக நகலெடுத்து, அலகோடும் தேதியோடும் என் மகள், மகன் இருவரின் தடுப்பூசி அட்டைகளுக்குள்ளும் ஒன்று வைத்திருக்கிறேன். அண்ணன் பிள்ளைகள் இருவரும் வருகிற மே மாத விடுமுறையில் ரத்தம் கொடுக்கப் போகிறார்கள். அவர்களுக்கும் அதே ஆய்வகத்தில், அதே அலகில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.